ஒரே பதிலை ஐந்து தடவை எழுதிய கதை

கேள்வி: அப்ரைசலில் ஹேலோ எஃபெக்ட், ஹார்ன் எஃபெக்ட் என்கிறார்கள். எனக்குக் கீழே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் அப்படிப் போடுகிறேனா என்று எனக்கே எப்படித் தெரியும்? சிக்கலில்லாத வழி ஏதாவது உண்டா?

நான் ராதாபுரம் பக்கம் ஒரு காற்றாலைப் பராமரிப்பு சைட்டில் இன்சார்ஜ். ஒன்பது டெக்னீசியன்கள். மார்ச் முடிந்ததும் எல்லோருக்கும் மார்க் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு தாள், ஒன்பது வரிசை, ஐந்து கட்டம்: வேலைத் தரம், பாதுகாப்பு, ரிப்போர்ட், நேரம் தவறாமை, ஒத்துழைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று போட வேண்டும். நாலு வருஷமாக இதைச் செய்துகொண்டிருந்தேன். நான் பாரபட்சம் பார்ப்பவன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

அந்த வருஷம் தாளை முடித்து மேசையில் வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஓர் அண்ணாச்சி டீ குடிக்க வந்தார். 225 கிலோவாட் மெஷின்கள் புதிதாக நின்ற காலத்திலிருந்து ஏறி இறங்கியவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தாளை எடுத்தார். மேலே இருந்த கட்டங்களின் தலைப்புகளை ஒரு ஸ்கேலால் மறைத்தார். "தம்பி, இதுல எது பாதுகாப்பு, எது ரிப்போர்ட்டுன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இசக்கிக்கு 5, 5, 5, 4, 5. சுடலைக்கு 2, 2, 2, 2, 3. (இரண்டுமே மாற்றிய பெயர்கள்.) மற்ற ஏழு பேருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். "அஞ்சு கேள்வி கேட்டிருக்கான், நீ ஒரே பதில அஞ்சு தடவ எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் முதல் கேள்விக்கு அந்த ஸ்கேல்தான் பதில். போன வருஷத் தாளை எடுத்துத் தலைப்புகளை மறைத்துப் பாருங்கள். ஒருவருடைய வரிசை முழுக்க ஒரே உயரத்தில் ஓடினால், அதுவும் பெரும்பாலான பேருக்கு அப்படி ஓடினால், நீங்கள் வேலையைப் பார்த்து மார்க் போடவில்லை. ஆளைப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள்.

அண்ணாச்சிக்குத் தெரியாது, ஆனால் 'ஹேலோ' என்ற பெயரை இந்தப் பிழைக்கு வைத்த எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920-ல் பார்த்ததும் இதைத்தான். ராணுவத்தில் மேலதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மார்க் போட்டிருந்தார்கள். அந்த எண்களெல்லாம் நியாயத்துக்கு மீறி ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. ஆள் கம்பீரமாக இருக்கிறான் என்பதற்காக அறிவும் அதே அளவுக்கு ஏறுமா என்ன? ஒரு குணத்தின் வெளிச்சம் மற்ற எல்லாவற்றின் மேலும் விழுவதால் அது ஹேலோ, ஒளிவட்டம். அதையே கெட்ட பக்கமாகத் திருப்பினால் ஹார்ன், அதாவது கொம்பு. நம் ஊரில் இரண்டாவதற்குப் பழமொழியே இருக்கிறது: வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்.

சரி, என் வெளிச்சமும் கொம்பும் எங்கிருந்து வந்தன என்று யோசித்தேன். இசக்கி இங்கிலீஷில் அழகாக ரிப்போர்ட் எழுதுவான். சென்னையிலிருந்து போன் வந்தால் தயங்காமல் பேசுவான். என் தலைவலி பாதி குறையும். சுடலை விஷயத்தில் ஒரே ஒரு ராத்திரிதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம், காற்று உச்சத்தில் இருந்த நேரம். அவன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெஷின் ராத்திரி நின்றுவிட்டது, அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். விடியும் வரை மெஷின் சும்மா நின்றது. சீசனில் ஒரு ராத்திரி போனால் மெஷின்காரருக்கு எவ்வளவு யூனிட் போகும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அவர் என்னைப் பிடித்துக் கிழித்தார். அன்றைக்கு முளைத்த கொம்பு அது.

ஆனால் அந்த மார்ச் வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தது வேறு. 'சுடலை ரிப்போர்ட் மோசம், வேலையும் சுமார், அதனால்தான் அவன் மேல் எனக்கு நல்ல எண்ணம் இல்லை' என்று. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்திருந்தேன். இதுவும் எனக்கு மட்டும் நடப்பதில்லை. 1977-ல் நிஸ்பெட், வில்சன் என்ற இருவர் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரின் வீடியோவைக் காட்டினார்கள். வெளிநாட்டு உச்சரிப்பில் இங்கிலீஷ் பேசுபவர். ஒரு குழுவுக்குக் காட்டிய வீடியோவில் அன்பாகப் பேசினார், இன்னொன்றில் அதே ஆள் கடுகடுவென்று இருந்தார். அன்பானவரைப் பார்த்தவர்களுக்கு அவர் தோற்றமும் உச்சரிப்பும் பிடித்திருந்தன. கடுகடுப்பைப் பார்த்தவர்களுக்கு அதே உச்சரிப்பு எரிச்சலாக இருந்தது. அவரைப் பிடிக்காததால் இப்படிச் சொல்கிறீர்களா என்றால் இல்லவே இல்லை என்றார்கள். கடுகடுப்பானவரைப் பார்த்தவர்களோ அந்த உச்சரிப்பால்தான் அவரைப் பிடிக்காமல் போனது என்றே நினைத்தார்கள். அதனால் 'நான் நியாயமாகத்தான் போட்டேனா' என்று மனதைக் கேட்டுப் பயனில்லை. அது உங்கள் பக்கமே சாட்சி சொல்லும். தாளைத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஆள் ஆளாக, குறுக்கே போகவில்லை. கட்டம் கட்டமாக, மேலிருந்து கீழே. முதலில் 'ரிப்போர்ட்' என்ற ஒன்றை மட்டும் ஒன்பது பேருக்கும். அது முடிந்தபின் அந்த எண்களை மடித்து மறைத்துவிட்டு, மறுநாள் 'நேரம்'. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் குறுக்கே போகும்போது உங்கள் கண்முன் நிற்பது அந்த ஆளின் முகம். கீழே போகும்போது ஒரே வேலையில் ஒன்பது பேரை ஒப்பிட வேண்டியிருக்கிறது, முகம் கொஞ்சம் மங்குகிறது. முழுக்க மறையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் எண்ணை எழுதுமுன் ஆதாரத்தை எடுத்து மேசையில் வைக்கும் பழக்கமும் சேர்ந்தால்தான் இது வேலை செய்யும்.

ரிப்போர்ட்டுக்கு நான் செய்தது இது. ஒவ்வொருவரும் எழுதிய பராமரிப்புச் செக்லிஸ்டில் கண்ணை மூடிக்கொண்டு ஆறு எடுத்தேன். பெயரை மறைத்தேன். கையெழுத்து எனக்குத் தெரியும் என்பதால் பக்கத்து சைட் இன்சார்ஜிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், அவர் ஆட்களின் தாளை நான் படித்தேன். அவர் சாயங்காலமே கூப்பிட்டார். "சார், ஒருத்தர் ரொம்ப நீட்டா எழுதியிருக்கார். ஆனா பிரேக் பேட் தடிமன் மூணு விசிட்லயும் ஒரே நம்பர். தேயுற சாமான் எப்படி சார் தேயாம இருக்கும்?" அது இசக்கி. அளக்காமல் பழைய தாளைப் பார்த்து எழுதியிருக்கிறான். எண்ணெய்க் கறையும் பாதித் தமிழுமாக இருந்த இன்னொருவர் தாள்களில் ஒவ்வொரு விசிட்டுக்கும் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. அது சுடலை. இத்தனை வருஷமாக நான் மார்க் போட்டது இங்கிலீஷுக்கு. கட்டத்தின் தலைப்பு 'ரிப்போர்ட்' என்றிருந்ததால் எனக்கே தெரியவில்லை.

வேலைத் தரத்துக்கு எதைப் பார்ப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் பிரேக்டவுன் கணக்கை எடுத்தேன். வருஷத்தில் சுடலைக்கு 62, இசக்கிக்கு 30. பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்த ஏரியாக்களைப் பிரித்துக் கொடுத்ததே நான்தான். ரோட்டோரம் இருந்த புது மெஷின்களை இசக்கிக்குக் கொடுத்திருந்தேன். 'அவன்தானே, பார்த்துக்கட்டும்' என்று தேரிக்காட்டுப் பக்கம் செம்மணலில் நிற்கும் பழைய மெஷின்களைச் சுடலை தலையில் கட்டியிருந்தேன். பழைய மெஷின் அடிக்கடி நிற்கத்தான் செய்யும். எண் என்றாலே நடுநிலை என்று பலர் நினைக்கிறார்கள். வேலையைப் பங்கு போட்ட இடத்திலேயே ஒளிவட்டமும் கொம்பும் நுழைந்துவிட்டால் எண்ணும் அதையேதான் திருப்பிச் சொல்லும். என்னைக் கேட்டால் அப்ரைசலில் இதுதான் மோசமான இடம், ஏனென்றால் இது ஆதாரம் என்ற வேஷத்தில் வருகிறது.

அதனால் மெஷினின் வயதைக் கொஞ்சமாவது கழிக்கும் ஒரு கணக்குக்கு மாறினேன்: சரிசெய்த அதே பழுது முப்பது நாளுக்குள் அதே மெஷினில் திரும்ப வந்ததா? சுடலையின் 62-ல் 4 திரும்பி வந்தன. இசக்கியின் 30-ல் 6. இதிலும் ஓட்டை உண்டு. உதிரிப் பாகமே மட்டமாக வந்தால் யார் மாட்டினாலும் திரும்பத்தான் வரும். ஆனாலும் வெறும் பிரேக்டவுன் எண்ணிக்கையைவிட இது ஆளின் கைக்கு நெருக்கமான கணக்கு.

கடைசியில் சுடலைக்கு வந்தது 5, 4, 4, 2, 3. நேரத்துக்கு 2 என்பதில் மாற்றமில்லை, வருகைப் பதிவேட்டில் நிஜமாகவே தாமதம் இருந்தது. இசக்கிக்கு 3, 4, 2, 5, 5. ஒத்துழைப்பில் அவனுடைய 5-ஐ யாரும் குறை சொல்ல முடியாது. மெஷின்காரர்கள் கோபமாக வந்தால் இன்றைக்கும் அவனைத்தான் அனுப்புகிறேன்.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு வரிசை தட்டையாக இருக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு 3, ஒரு 5 என்று கலைத்துப் போடாதீர்கள். என் ஒன்பது பேரில் ஒருவர் எல்லா ஆதாரமும் பார்த்தபின்னும் 4, 4, 4, 4, 4-தான். அவர் அப்படித்தான், எல்லாவற்றிலும் நிதானமாக நல்லவர். 1980-ல் பெர்னார்டின், பென்ஸ் இருவரும் செய்த ஆய்வு இதைப் பற்றியதுதான். மார்க் போடுபவர்களுக்கு 'ஹேலோ வராமல் போடுங்கள்' என்று பயிற்சி கொடுத்தபோது தட்டை வரிசைகள் குறைந்தன, கூடவே மார்க்கின் துல்லியமும் குறைந்தது. தட்டை வரிசை ஒரு சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. போய்ப் பார் என்று சொல்கிறது, அவ்வளவே.

பிறகு ஒரு நோட்டு வைத்தேன், ஆளுக்கு ஒரு பக்கம். நடந்ததைத் தேதியோடு ஒரு வரி எழுத வேண்டும். 'சோம்பேறி', 'கெட்டிக்காரன்' மாதிரி வார்த்தைகள் கூடாது. 'ஹார்னெஸ் கொக்கி மாட்டாமல் ஏணியில் ஏறினார்' என்று நடந்தது மட்டும். மார்ச் மாதத்தில் வருஷம் முழுக்க நினைவுபடுத்தப் பார்த்தால் அந்த ஜூலை ராத்திரி மாதிரி ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கும், நோட்டு இருந்தால் மற்ற நாட்களும் இருக்கும். ஆனால் நாலு மாதம் கழித்துப் புரட்டினால் சுடலை பக்கத்தில் ஏழு வரி, இசக்கி பக்கத்தில் இரண்டு, நிதானமானவர் பக்கம் காலி. பிடிக்காதவனைத்தான் கண் தேடிப் போயிருக்கிறது, நோட்டிலும்! இப்போது மாதக் கடைசியில் வரிகளை எண்ணுகிறேன். யார் பக்கம் காலியோ அவர் வேலை செய்யும் மெஷினுக்கு மறு வாரம் நானே போய்விடுவேன்.

இந்த மே மாதம் காற்று எழும்பியதும் ஏரியாக்களை மாற்றிப் போட்டேன். தேரிக்காடு இசக்கிக்கு, ரோட்டோரம் சுடலைக்கு. இசக்கி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுடலை, "அந்தப் பக்கம் ரோட்டோரந்தான் சார், டவர் நல்லா எடுக்கும்" என்றான். எதைச் சொல்கிறான் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. அந்த வாரம் தேரிக்காட்டுக்குள் போய் இசக்கிக்குப் போன் போட்டுப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது. இசக்கி பத்தடி தூரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.