சொட்டு வேகமும் மாத்திரைக் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தேர்வு நெருங்கியதும் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தாதிமை படிக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை மருந்தியல் ஸ்லைடுகளில் உள்ள கணக்குகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஸ்லைடைப் படம் பிடித்து அனுப்பியவர்களுக்கே முதல் இடம். கணக்கைத் தம் சொந்தச் சொற்களில் சுருக்கி எழுதுபவர்கள் பெரும்பாலும் அலகை விட்டுவிடுகிறார்கள், தவறு இருப்பதோ அங்கேதான்.

டீச்சர், 24 மணி நேரத்தில் 4 பைண்ட் நார்மல் சலைன் ஏற்ற வேண்டும் என்று ஸ்லைடில் உள்ளது. ஒரு பைண்ட் 568 மில்லிலிட்டர் என்று இணையத்தில் பார்த்துக் கணக்கிட்டேன். நிமிடத்துக்கு 32 சொட்டு வந்தது. ஸ்லைடில் விடை 28. எங்கே பிழை?
— இரண்டாம் ஆண்டு மாணவி, ஈப்போ

உங்கள் வகுத்தலில் பிழை இல்லை, பைண்டில்தான் பிழை. 568 என்பது பழைய பிரிட்டிஷ் அளவு. அமெரிக்கப் பைண்ட் இன்னும் சிறியது, ஏறக்குறைய 473. நம் நாட்டு வார்டுகளில் மருத்துவர் பைண்ட் என்று எழுதினால் அது 500 மில்லிலிட்டர் பையைக் குறிக்கும். ஐயம் இருந்தால் பையின் முகப்பில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஆகவே 4 பைண்ட் என்பது 2000 மில்லிலிட்டர்.

```
2000 மில்லி × 20 சொட்டு/மில்லி
------------------------------ = 27.8 சொட்டு/நிமிடம்
   24 மணி × 60 நிமிடம்/மணி
```

எண்ணை மட்டும் எழுதாமல் அதன் அருகே அலகையும் எழுதி, மேலே உள்ள மில்லியை மில்லியோடும், கீழே உள்ள மணியை மணியோடும் அடித்துவிட்டால், கடைசியில் சொட்டும் நிமிடமும் மட்டுமே மிஞ்ச வேண்டும். வேறு ஏதாவது மிஞ்சினால் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது விடையல்ல. 60-ஆல் பெருக்க மறந்தவருக்கு 1667 வரும். அது ஒரு மணி நேரத்துக்கான சொட்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் அனுப்பிய ஸ்லைடில் 20 என்ற எண் எங்குமே இல்லை. எழுதியவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டு விடையை மட்டும் போட்டிருக்கிறார். ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை சொட்டு என்பது திரவத்தின் குணமல்ல, குழாய் செட்டின் குணம். அது செட்டின் உறையில் அச்சாகியிருக்கும். இதே 2000 மில்லிலிட்டரை 15 சொட்டுச் செட்டில் ஏற்றினால் நிமிடத்துக்கு 21 சொட்டு போதும். உறையைக் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன் படியுங்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

27.8 சொட்டை எப்படி எண்ணுவது?
— சுங்கை சிப்புட்

அரைச் சொட்டு, கால் சொட்டு என்று விழாது. 28 என்று வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

500 வேண்டும், 250 இருக்கிறது, எத்தனை கொடுப்பது? அவசரம், நாளை தேர்வு.
— பெயர், ஊர் இல்லை

எது 500? எது 250? 500 மில்லிகிராம் வேண்டும், கையில் இருப்பது 250 மில்லிகிராம் மாத்திரை என்றால் இரண்டு. 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 10 மில்லிலிட்டர். கேட்டது 500 மைக்ரோகிராம் என்றால் உங்களிடம் இருக்கும் 250 மில்லிகிராம் மாத்திரையைத் தொடவே கூடாது. நாளை தேர்வு என்ற அவசரத்தில் என்னிடம் கேட்கத் தெரிந்தவருக்கு இரண்டு அலகுகளை எழுத நேரம் இல்லாமல் போனது வியப்பாக இருக்கிறது.

டிகாக்சின் கணக்கு ஒன்று. வேண்டியது 0.125 mg. மாத்திரை 62.5 mg. ஸ்லைடில் விடை 2 மாத்திரை. எனக்கு 0.002 வருகிறது. தோழிகள் எல்லாருக்கும் 2 வந்துவிட்டது. நான் எந்தச் சுழியத்தை விட்டேன், டீச்சர்?
— தோட்டத்திலிருந்து பேருந்தில் கல்லூரிக்குப் போய்வரும் மாணவி

நீங்கள் எதையும் விடவில்லை. 0.125-ஐ 62.5-ஆல் வகுத்தால் 0.002தான் வரும். உங்கள் தோழிகளுக்கு 2 எப்படி வந்தது என்பதைத்தான் அவர்களிடம் கேட்க வேண்டும். விடையை முதலில் பார்த்துவிட்டு, புள்ளியை அது பொருந்தும் இடம்வரை நகர்த்தியிருப்பார்கள்.

டிகாக்சின் மாத்திரை 62.5 மில்லிகிராமில் கிடையாது. 62.5 மைக்ரோகிராமிலும் 250 மைக்ரோகிராமிலும் இருக்கிறது. 0.125 மில்லிகிராமை 1000-ஆல் பெருக்கி 125 மைக்ரோகிராம் ஆக்கி, அதை 62.5-ஆல் வகுத்தால் இரண்டு மாத்திரை. ஸ்லைடின் விடை சரி, கேள்வியில்தான் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அது எப்படி மாறியது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல ஆண்டுகளாக இது என் வயிற்றெரிச்சல்.

மைக்ரோகிராமைக் குறிக்கும் µg என்பதில் உள்ள கிரேக்க எழுத்தைப் பழைய ஸ்லைடுகளில் பலர் ஒரு குறுக்குவழியில் தட்டச்சு செய்தார்கள். சாதாரண m எழுத்தை அடித்து, அந்த ஒரே எழுத்துக்கு மட்டும் Symbol என்ற எழுத்துருவைக் கொடுத்தால் திரையில் µ தோன்றும். ஆனால் கோப்புக்குள் இருப்பது m-தான். அந்த ஸ்லைடின் வரிகளை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தாலும், மேலே போட்டிருந்த வேடம் கலைந்து பெரும்பாலும் m வெளியே வந்துவிடும். µg, mg ஆகிவிடும். மருந்து ஆயிரம் மடங்கு கூடிவிடும். சில கருவிகளில் அந்த இடத்தில் வெற்றுப் பெட்டி தெரியும். அது எவ்வளவோ மேல், ஏதோ காணவில்லை என்றாவது புரியும்.

இந்தக் கோளாறு ஒரு ஸ்லைடில் நேர்ந்திருந்தால் அதே தொகுப்பில் வேறு தடயங்களும் கிடைக்கும். பீட்டா பிளாக்கர் என்று இருக்க வேண்டிய இடத்தில் b-blocker என்றும், ஆல்ஃபாவுக்குப் பதில் a என்றும் வந்திருக்கும். நாடித்துடிப்பு 60 அல்லது அதற்குக் கீழே என்று காட்டும் ≤ குறி இருந்த இடத்தில் £ என்ற பவுண்ட் குறி நிற்கும். நீங்கள் அனுப்பிய படத்தின் கீழ் மூலையில் "pulse £ 60" என்று இருக்கிறதே, பார்த்தீர்களா? டிகாக்சினுக்கும் இங்கிலாந்துப் பணத்துக்கும் என்ன தொடர்பு? அந்தக் குறியைக் கண்டதுமே அதே ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு mg-யையும் சந்தேகப்பட வேண்டும். கணினி கிடைத்தால் மூலக் கோப்பைத் திறந்து அந்த எழுத்தின் மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள். எழுத்துருப் பெட்டியில் Symbol என்று வந்தால் ஐயம் தீர்ந்தது.

உங்கள் கணக்கில் ஒரு வரி மட்டும் மாறியதால் 0.002 என்ற விடையே கூச்சல் போட்டது. இரண்டு வரிகளும் மாறினால்தான் ஆபத்து. லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் வேண்டும், மாத்திரை 50 மைக்ரோகிராம் என்ற கணக்கில் இரண்டுமே மில்லிகிராமாகிவிட்டால், 75-ஐ 50-ஆல் வகுத்து ஒன்றரை மாத்திரை என்ற சரியான விடையே வரும். மாணவி முழு மதிப்பெண் வாங்குவாள், லெவோதைராக்சினை மில்லிகிராம் கணக்கில் கொடுப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வாள். இந்த இடத்தில் எந்தச் சூத்திரமும் உங்களைக் காப்பாற்றாது. அந்த மருந்தின் வழக்கமான அளவு தெரிந்திருந்தால் மட்டுமே தவறு கண்ணில் படும். பெரியவர்களுக்கு லெவோதைராக்சின் பெரும்பாலும் 25-இலிருந்து 200 மைக்ரோகிராம் வரை. ஆகவே ஸ்லைடை நம்பாமல் மருந்துப் பெட்டியையோ மருந்தகக் கையேட்டையோ பாருங்கள்.

விரிவுரையாளர்களும் இதைப் படிக்கிறார்கள் என்று தெரியும். µ வேண்டாம், mcg என்று எழுதுங்கள், இடமிருந்தால் மைக்ரோகிராம் என்று முழுமையாகவே எழுதுங்கள். கையெழுத்தில்கூட µ-வின் வால் சற்றுக் குறைந்தால் அது m போலத்தான் தெரியும். பத்து ஆண்டுக்கு முந்திய ஸ்லைடில் தேதியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பும் பழக்கத்தைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

மைக்ரோ செட்டில் ஒரு மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கும் அத்தனை சொட்டு என்கிறார்களே. எல்லாச் செட்டுக்கும் பொருந்துமா?
— தைப்பிங்

பொருந்தாது. அந்தச் செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு. ஒரு மணிக்கு 60 நிமிடம். இரண்டு அறுபதும் அடிபட்டுப் போவதால் எண் மாறாமல் நிற்கிறது, அவ்வளவுதான். 20 சொட்டுச் செட்டுக்கு மணிக்கான மில்லியை மூன்றால் வகுக்க வேண்டும், 15 சொட்டுச் செட்டுக்கு நான்கால். மணிக்கு 83 மில்லி என்பதை 20 சொட்டுச் செட்டில் நிமிடத்துக்கு 83 சொட்டாக விட்டால் மணிக்கு 250 மில்லி போல இறங்கும். ஆறு மணி நேரம் ஓட வேண்டிய பை இரண்டு மணி நேரத்தில் காலியாகும். இதயம் பலவீனமான முதியவருக்கு இதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். பையின் ஓரத்தில் ஒரு பட்டையை ஒட்டி, எந்த மணிக்கு நீர்மட்டம் எங்கே இருக்க வேண்டும் என்று கோடு போட்டுவைத்தால் முதல் மணியிலேயே தெரிந்துவிடும்.

டோபமின் கணக்கு: நிமிடத்துக்குக் கிலோ ஒன்றுக்கு 5 மைக்ரோகிராம், நோயாளி 60 கிலோ, 50 மில்லியில் 200 மில்லிகிராம். பம்பில் 0.075 என்று எனக்கு வருகிறது. விடை 4.5 என்கிறார்கள்.
— இறுதியாண்டு மாணவர், கோலகங்சார்

இதில் இரண்டு அறுபது உண்டு, நீங்கள் ஒன்றை மட்டும் பயன்படுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். 5-ஐ 60 கிலோவால் பெருக்கினால் நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம். அதை 60 நிமிடத்தால் பெருக்கினால் மணிக்கு 18,000 மைக்ரோகிராம். மருந்துக் கரைசலில் மில்லிக்கு 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். 18,000-ஐ 4000-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. எடையை மறந்தாலும் நிமிடத்தை மறந்தாலும் இந்தக் கணக்கில் அதே 0.075 வருவதால், எதை மறந்தீர்கள் என்பதைக்கூட விடையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அலகுகளை எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். கேள்வி அமைப்பவர் நோயாளியை 52 கிலோ என்று வைத்தால் (சரியான விடை 3.9) இந்தக் குழப்பம் வராது. ஆனால் நம் ஸ்லைடுகளில் வரும் நோயாளிகள் எல்லாருமே ஏனோ 60 கிலோதான்.

என் மகள் தாதிமை படிக்கிறாள். பாட்டிக்கு இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த 30 மில்லிகிராம் நிஃபெடிபின் மாத்திரையை, 15 மில்லிகிராம் வேண்டுமென்றால் பாதியாக உடைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். சரிதானா, டீச்சர்?
— தோட்ட லாரி ஓட்டுநர்

வகுத்தல் சரி, உடைப்பது தவறு. 30 மில்லிகிராம் நிஃபெடிபின் மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரை. பெட்டியில் பெயருக்குப் பின்னால் LA என்றோ வேறு எழுத்துகளோ இருக்கும். உடைத்தால் ஒரு நாளைக்கான மருந்து சட்டென்று உடலில் சேர்ந்து இரத்த அழுத்தம் கிடுகிடுவென இறங்கிவிடும். பாட்டிக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்று யார் சொன்னது என்பதை நீங்கள் எழுதவில்லை. மருத்துவர் சொல்லியிருந்தால் பெட்டியோடு கிளினிக்குக்குப் போய் வேறு மாத்திரை கேளுங்கள், சொல்லவில்லை என்றால் எழுதிக் கொடுத்தபடியே முழு மாத்திரையாகக் கொடுங்கள்.