மேடையில் ஆடும் பிள்ளையைப் படமெடுக்க எந்த எண்ணை முதலில் மாற்றுவது?

கேள்வி: முதன்முதலாக ஒரு கேமரா வாங்கியிருக்கிறேன். கூடவே வந்த 18-55 லென்ஸ்தான் இருக்கிறது. மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சியை ஆட்டோவில் வைத்து எடுத்தேன். மேடை தெளிவாக இருக்கிறது, அவள் கையும் முகமும் கலங்கிப்போய் வருகின்றன. அபெர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ மூன்றில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: ஷட்டர் ஸ்பீடை. மற்ற இரண்டும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டியவை.

அந்தப் படங்களில் ஒன்றைக் கேமராத் திரையில் திறந்து, விவரம் காட்டும் பட்டனை அழுத்திப் பாருங்கள். 1/30, f/5.6, ISO 1600 என்பதுபோல மூன்று எண்கள் தெரியும். உங்கள் கேமராவில் சற்று முன்பின் இருக்கலாம். அரங்க வெளிச்சத்தில் ஆட்டோ பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் போய் நிற்கும். 1/30 என்றால் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தது என்று பொருள். ஆடும்போது கை நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் மூடுவதற்குள் அது ஆறேழு சென்டிமீட்டர் போய்விடும். அந்தத் தூரம் முழுவதும்தான் படத்தில் இழுபட்டுத் தெரிகிறது. அதே கையை 1/250-இல் எடுத்தால் நகர்வு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. குதிப்பையும் வேகமான சுழற்சியையும் நிறுத்த 1/500 வேண்டும். தீர்மானம் முடிந்து ஒரு நிலையில் நிற்கும் அந்தக் கணத்தைப் பிடித்தால் 1/125 கூடப் போதும். மகளின் உருப்படி உங்களுக்குப் பழக்கமானது என்பதால், ஜதி எங்கே முடியும் என்பது அரங்கில் இருக்கும் எந்தப் போட்டோகிராபரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எல்லாக் கலங்கலுக்கும் இது மருந்தல்ல. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்திரை, தூண், மகள் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. பின்திரை கூர்மையாக இருந்து மகள் மட்டும் கலங்கியிருந்தால், ஒன்று அவள் அசைந்திருக்க வேண்டும், அல்லது ஃபோகஸ் அவள்மேல் விழாமல் திரையில் விழுந்திருக்க வேண்டும். அசையாமல் இருந்த அவள் பாதத்தைப் பாருங்கள். பாதம் தெளிவாகவும் கை கலங்கியும் இருந்தால் அசைவு. இரண்டுமே மங்கலாக இருந்தால் பெரும்பாலும் ஃபோகஸ். உங்கள் லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருக்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் சரிசெய்யும். ஆடுகிறவரின் அசைவுக்கு ஒன்றும் செய்யாது.

இனி கணக்கு. 1/30-இலிருந்து 1/60, 1/125, 1/250 என்று மூன்று படி ஏறுகிறீர்கள். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகிறது. ஆகவே மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்தப் படிக்குத்தான் ஸ்டாப் என்று பெயர். இழந்த மூன்று ஸ்டாப்பை வேறு இடத்திலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் அபெர்ச்சரைப் பாருங்கள். லென்ஸுக்குள் இருக்கும் துளையின் அளவு அது. எண் சிறிதானால் துளை பெரிது என்பதுதான் புதிதாகத் தொடங்குபவர்களைக் குழப்பும். அந்த எண் ஒரு வகுக்கும் எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் f/2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுத்து 25 மில்லிமீட்டர் துளை. f/5.6 என்றால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர்தான்.

உங்கள் லென்ஸில் ஒரு சிக்கல் உண்டு. 18-இல் வைத்தால் f/3.5 வரை திறக்கும். 55 வரை ஜூம் செய்தால் f/5.6-க்கு மேல் திறக்காது. கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுக்க ஜூம் செய்தால், லென்ஸ் மிகக் குறைவாக வெளிச்சம் வாங்கும் நிலைக்கு நீங்களே கொண்டுபோகிறீர்கள். முன்வரிசைக்குப் போய் 18-ஐ ஒட்டி எடுத்தால் இரண்டரை மடங்கு வெளிச்சம் கிடைக்கும். அதுவே ஒரு ஸ்டாப்புக்கும் மேல். ஆனால் 18-இல் மிக நெருங்கி எடுத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் அகன்று தெரிவார்கள். மகளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை ஐஎஸ்ஓ தர வேண்டும். 55-இலேயே எடுக்கிறீர்கள் என்றால் 1600-ஐ 3200, 6400, 12800 என்று மூன்று முறை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். ஐஎஸ்ஓ, படத்தைப் பதியும் சென்சாருக்குள் வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. வந்து சேர்ந்த சிறிதளவு வெளிச்சத்தின் சிக்னலைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பெருக்கும்போது அதோடு இருந்த புள்ளிகளும் பெரிதாகத் தெரிகின்றன. பலர் இந்தப் புள்ளிகளுக்குப் பயந்து 800-இலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது புரிவதேயில்லை. புள்ளிகளை மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம். இழுபட்ட விரலைத் திரும்பக் கொண்டுவர நம்பகமான வழி கிடையாது. குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சம் ஏற்றினாலும் அதே புள்ளிகள் வரும், சில கேமராக்களில் இன்னும் மோசமாக.

அடுத்த நிகழ்ச்சிக்கு இப்படிச் செய்யுங்கள். மோடு டயலை S-க்குத் திருப்புங்கள் (கேனனில் Tv). ஷட்டரை 1/250-இல் வையுங்கள். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 6400 அல்லது 12800 என்று மெனுவில் குறித்துவிடுங்கள். வெளிச்சம் குறைவாக இருப்பதால் கேமரா அபெர்ச்சரைத் தானாகவே முழுக்கத் திறந்துவிடும். அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். திரையில் f எண் மினுக்கினால், பல கேமராக்களில் அதற்கு வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். 1/160-க்கு இறங்கி, நிலைகளை மட்டும் குறிவையுங்கள்.

இன்னொரு இடைஞ்சலும் வரும். கறுப்புத் திரைக்கு முன் ஸ்பாட் லைட்டில் ஆடும்போது, கேமரா அந்தக் கறுப்பைப் பார்த்து வெளிச்சம் குறைவு என்று நினைத்துக்கொள்ளும். முகம் வெள்ளையாக வெளிறிவிடும். + - குறி போட்ட பட்டனில் -1 வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இதில் லாபமும் உண்டு. ஐஎஸ்ஓ ஒரு படி கீழே இறங்கும். மலிவான எல்இடி விளக்குகள் இருக்கும் மண்டபத்தில் தொடர்ந்து எடுக்கும் படங்களில் சில இருண்டோ பட்டை பட்டையாகவோ வரலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. அங்கே 1/100-க்கு இறங்கினால் பட்டை பெரும்பாலும் போய்விடும். அசைவை நிறுத்தும் சக்தியும் கொஞ்சம் போகும். கேமராவின் சொந்த ஃபிளாஷை மறந்துவிடுங்கள். அது சில மீட்டருக்கு மேல் எட்டாது, ஆடுகிறவர்களுக்கும் தொல்லை.

இத்தனைக்கும் பிறகு 12800-இன் புள்ளிகள் பிடிக்கவில்லை என்றால், பணம் செலவழிக்க வேண்டியது கேமராவுக்கு அல்ல, 50 மில்லிமீட்டர் f/1.8 லென்ஸுக்கு. பெரும்பாலான நிறுவனங்களிடம் அது விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. அதை f/2-இல் வைத்தால் f/5.6-ஐவிட எட்டு மடங்கு வெளிச்சம், அதாவது நாம் தேடிய அதே மூன்று ஸ்டாப். 1/250 வைத்துக்கொண்டே ஐஎஸ்ஓ 1600-க்குத் திரும்பிவிடலாம். பதிலுக்குக் கொடுப்பது ஃபோகஸின் ஆழம். உங்களுடையது ஏபிஎஸ்-சி எனப்படும் அளவுள்ள சென்சார் என்றால், ஐந்து மீட்டர் தள்ளி நின்று எடுக்கும்போது முன்பின்னாக முக்கால் மீட்டர் அளவுதான் கூர்மையாக இருக்கும். மகள் தனியாக ஆடும்போது அது தாராளம். தோழிகள் அவளுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் நின்றால் அவர்கள் முகம் மங்கலாகிவிடும். அந்தக் குழு நடனத்துக்கு மட்டும் f/4 வைத்து, ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற விடுங்கள்.