கோமகன் ஏன் இவ்வளவு பேசுகிறார்?

"படிவம் 6-இல் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ராபர்ட் பிரவுனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' கவிதையில் வரும் கோமகன் கொடுமைக்காரர், பொறாமைக்காரர் என்று கட்டுரையில் எழுதினேன். 'அவர் அப்படிச் சொல்லவில்லையே, ஆதாரம் எங்கே?' என்று ஆசிரியர் குறித்துவிட்டார். பேசுபவர் தம்மைப் பற்றிச் சொல்லாததை ஆதாரத்துடன் எழுதுவது எப்படி?"
— ஒரு மாணவி, பினாங்கு

அவர் யாரிடம், என்ன காரியமாகப் பேசுகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். 1842-இல் வெளிவந்த இந்த 56 வரிக் கவிதை முழுவதும், முந்தைய மனைவியின் ஓவியத்தைக் காட்டிக் கோமகன் ஒருவரிடம் பேசும் பேச்சு. அந்த ஒருவர் யார் என்பது கடைசியில்தான் தெரியவரும். எதிரே இருப்பவர் ஒரு பிரபுவின் தூதர். அந்தப் பிரபுவின் மகளைக் கோமகனுக்கு மணமுடிக்கப் பேச வந்திருக்கிறார். இது தெரிந்த பிறகு மறுபடியும் முதல் வரிக்குப் போங்கள். ஓவியத்தைப் பற்றிய அரட்டையாகத் தோன்றியது, பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை தம் முந்தைய மனைவியைக் குறை சொல்லும் பேச்சாக மாறியிருக்கும்.

அடுத்து, அந்தக் காரியத்துக்குத் தேவையில்லாமல் அவராகவே எதைச் சொல்கிறார் என்று பாருங்கள். படத்தில் அந்தப் பெண்ணின் முகத்தில் தெரியும் மலர்ச்சி எப்படி வந்தது என்று தூதர் கேட்கும் சொற்கள் கவிதையில் இல்லை; இப்படித் திரும்பிக் கேட்பவர்களில் நீங்கள் முதல் ஆள் அல்ல என்று கோமகன்தான் சொல்கிறார். பார்ப்பவர்கள் எல்லாரும் தைரியமிருந்தால் அதைக் கேட்டுவிடுவார்கள் போலிருக்கிறது என்று சொல்லி, கோமகன் அந்தக் கேள்வியைத் தாமே விரித்துக்கொண்டு பதிலையும் நீட்டுகிறார். ஒரு சிறு கேள்விக்கு ஒருவர் தேவைக்கு மேல் நீளமாகப் பதில் சொன்னால், அந்தக் கேள்வி அவருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இது உங்கள் முதல் ஆதாரம்.

இனி ஒரு தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அவள் செய்தவை, வலப்பக்கம் அதற்கு அவர் வழங்கும் தீர்ப்பு. இடப்பக்கத்தில் சேருபவை: அவர் தந்த அணியைப் பார்த்து மகிழ்ந்தாள், சூரியன் மறைவதைப் பார்த்து மகிழ்ந்தாள், தோட்டத்தில் யாரோ ஒடித்துத் தந்த செர்ரிக் கிளைக்கும், தான் ஏறிச் சுற்றும் வெள்ளைக் கோவேறு கழுதைக்கும் அதே மகிழ்ச்சி, எல்லாருக்கும் நன்றி சொன்னாள். வலப்பக்கத்தில்: மனம் எளிதில் மகிழ்ந்துவிடுகிறது, பார்வை எங்கும் போகிறது. வலப்பக்கத்தை மறைத்துவிட்டு இடப்பக்கத்தை மட்டும் படியுங்கள். நல்ல குணமுள்ள இளம்பெண் ஒருத்திதான் மிஞ்சுவாள். அவருடைய சாட்சியமே அவருடைய தீர்ப்பை ஆதரிக்கவில்லை.

'பொறாமை' என்ற உங்கள் சொல்லும் இங்கேதான் இடறுகிறது. அவள் இன்னொருவனை நாடினாள் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவருக்குப் போட்டியாக வரும் பட்டியலில் ஒரு கழுதையும் மாலைச் சூரியனும் இருக்கின்றன! 900 ஆண்டுப் பழமையுள்ள தம் குடும்பப் பெயரை மற்றவர்களின் பரிசுகளோடு சமமாக வைத்தாள் என்பதுதான் அவருடைய புண். அகந்தை என்று எழுதுங்கள்; அதற்கு வரி இருக்கிறது.

பேச்சு எங்கே தடுமாறுகிறது என்பதையும் கவனியுங்கள். மற்ற இடங்களில் அவருடைய வாக்கியங்கள் வரியெல்லை தாண்டி, வரியிறுதி இயைபு காதில் விழாத அளவுக்குச் சரளமாக ஓடுகின்றன. அவளுடைய மனத்தைப் பற்றியும் அவள் சொன்ன நன்றிகளைப் பற்றியும் பேசும்போது மட்டும் 'எப்படிச் சொல்வது', 'எப்படியோ, எனக்குத் தெரியவில்லை' என்று கோடுகள் விழுகின்றன. அதற்குப் பிறகு தமக்குப் பேச்சுத் திறமை இல்லை என்கிறார்; இருந்தாலும் குறையை எடுத்துச் சொல்வது இறங்கிப்போவதாகும், தாம் இறங்குவதில்லை என்கிறார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் செய்யாததைக் கொள்கை என்று காட்டிக்கொள்கிறார்.

இவையெல்லாம் தெரியாமல் கசிந்தவையா என்ற கேள்வி வரும். வரப்போகிற மனைவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தூதர் வழியாக வேண்டுமென்றே எச்சரிக்கிறார் என்று படிப்பவர்களும் உண்டு; எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. அப்படியானாலும், அவர் காட்ட நினைப்பது அதிகாரம். ஒரு பெண்ணின் சிரிப்பு அவரை இன்னும் உறுத்துகிறது என்பது காட்ட நினைக்காதது. படத்தின் திரையைத் தம்மைத் தவிர யாரும் விலக்குவதில்லை என்கிறாரே, அந்த வரியை இதற்குப் பயன்படுத்துங்கள்.

நோக்கத்துக்கு முடிவிலுள்ள வரிகள் போதும். பிரபுவின் தாராளம் ஊரறிந்தது, வரதட்சணையில் குறை வராது என்று சொல்லிவிட்டு, ஆனால் தாம் விரும்புவது பெண்ணைத்தான் என்கிறார். "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்யாமலா இருப்பீர்கள்" என்ற பேச்சைக் கோலாலம்பூர் வீட்டுக் கூடங்களில் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓரிடத்தில் மட்டும் நிதானம் தேவை. அவர் உத்தரவு கொடுத்தார், சிரிப்புகள் எல்லாம் நின்றன என்கிறது கவிதை. என்ன உத்தரவு என்று அது சொல்வதில்லை. பின்னாளில் கேட்டபோது பிரவுனிங்கே கொலை உத்தரவு என்று சொல்லிவிட்டு, மடத்தில் அடைத்திருக்கவும் கூடும் என்று சேர்த்தார். ஆகவே 'கொன்றார்' என்று அடித்து எழுதாமல், 'அவருடைய உத்தரவால் அவளுடைய சிரிப்பு நின்றுபோனது. அவள் உயிரோடு இருப்பதுபோல் படம் இருக்கிறது என்று அவர் சொல்வது மரணத்தையே சுட்டுகிறது' என்று எழுதுங்கள்.