கிரேனை எடுத்த இடத்தில் வானம் திட்டுத்திட்டாகிறதா?

கேள்வி: கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து மாலையில் எடுத்த சென்னைப் படம். டவர் கிரேனின் கை வானத்தில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது; அதன் தூண் ஒரு அடுக்குமாடியின் ஜன்னல் வரிசையை மறைக்கிறது. போட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷால் துடைத்தால் வானம் திட்டுத்திட்டாகிறது, மொட்டைமாடி ஓரம் கரி பூசினாற்போல் ஆகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: கரிக்குக் காரணம் ஹீலிங் பிரஷ்தான். தேய்க்கும் இடத்தின் சுற்று ஓரத்து நிறத்தோடு அது கலந்துவிடும்; ஓரத்தில் இருண்ட கைப்பிடிச் சுவர் இருந்தால் அந்த இருட்டும் வானத்துக்குள் ஏறும். அதனால் வானத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என இரண்டு புது லேயர் போட்டுத் தனித்தனியாக வேலை செய்யுங்கள்.

முதலில் வானம். கிரேனின் கம்பிகளை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கம்பிகளுக்கு இடையே தெரியும் வானத்திலும் ஷார்ப்பனிங் விட்ட வெளிர் கோடு இருக்கும். முழுக் கையையும் சுற்றி, ஓரத்தில் ஐந்தாறு பிக்சல் கூடுதலாகவே வளைத்துப் பிடியுங்கள். மாலை வானம் அடிவானத்திலிருந்து மேலே போகப்போக நிறம் மாறும். மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்து ஒட்டினால் திட்டு விழுவது அதனால்தான். அதே உயரத்தில், கிரேனுக்குப் பக்கத்து வானத்தை நகலெடுத்துக் கிடைமட்டமாக மட்டும் நகர்த்துங்கள். சூரியன் இருக்கும் பக்கம் வெளிச்சம் கூடும் என்பதால் பாதியை இடமிருந்தும் மீதியை வலமிருந்தும் எடுத்து, நடுவில் மாஸ்க்கால் மெதுவாகக் கலக்குங்கள். மொட்டைமாடியை ஒட்டிய இடத்தில் ஹீலிங் வேண்டாம். கூரைக் கோட்டைப் பென் டூலால் வரைந்து செலெக்‌ஷனாக்கி, அதற்குள் குளோன் ஸ்டாம்ப் மட்டும். ஓரம் கத்தியால் அறுத்ததுபோல் நின்றால் ஒட்டு வேலை என்று காட்டிக்கொடுக்கும். பக்கத்துக் கூரையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அதே அளவு மென்மை வையுங்கள். பெரும்பாலும் ஒரு பிக்சல் ஃபெதர் போதும்.

ஜன்னல்களுக்கு Filter மெனுவில் உள்ள Vanishing Point. முகப்பின் நான்கு மூலைகளைக் குறித்து வலை விரித்தால், அதன் ஸ்டாம்ப் கருவி தூரத்துக்கேற்ப ஜன்னலைச் சிறிதாக்கியே ஒட்டும். ஒரே ஜன்னலை எல்லா மாடிக்கும் ஒட்டினால், அதே ஏசி பெட்டியும் காயப்போட்ட அதே துண்டும் நான்கு மாடியிலும் தொங்கும்! இரண்டு மூன்று ஜன்னல்களை மாற்றி மாற்றி எடுங்கள். இடவலமாகத் திருப்பிப் போடும் ஆசை வேண்டாம். சன்ஷேடின் நிழல் எதிர்ப்பக்கம் விழும்.

கடைசியில் மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டைச் செங்குத்தாக வளையுங்கள். கண்ணுக்குத் தப்பிய திட்டெல்லாம் பளிச்சென்று தெரியும். சரிசெய்ததும் அந்த லேயரை அழித்துவிடலாம். ஒட்டிய வானம் மட்டும் வழவழப்பாகத் தெரிந்தால் Add Noise-இல் Monochromatic வைத்து, பக்கத்து வானத்தின் மணல்தன்மை வரும்வரை கூட்டுங்கள். கிரேன் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் பிரதிபலித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.