‘வசுதைவ குடும்பகம்’ எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரை ஒன்றில் “வசுதைவ குடும்பகம் என்கிறது ரிக் வேதம்” என்று எழுதியிருந்தீர்கள். பள்ளி ஆண்டு மலருக்காக மண்டல எண், சூக்த எண் தேடினேன், கிடைக்கவில்லை. சிலர் மகா உபநிடதம் என்கிறார்கள். எதைப் போடட்டும்?

– ஒரு தமிழாசிரியை

அன்புள்ள டீச்சர்,

‘உலகமே குடும்பம்’ என்று பொருள்படும் அந்த வரி ரிக் வேதத்தில் இல்லை. மேடையில் கேட்டதைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். மன்னியுங்கள். கட்டுரையைத் திருத்திவிட்டேன்.

மகா உபநிடதத்தில் இருப்பது உண்மை. ஆறாம் அத்தியாயத்தில், உள்ளே பற்றை விட்டுவிட்டு வெளியே உலகத்தாரோடு ஒட்டி நடக்கும் ஞானியைச் சொல்லும் இடத்தில் வருகிறது. ஆனால் இது பிற்கால உபநிடதம், தசோபநிடதங்கள் எனப்படும் முக்கியமான பத்து உபநிடதங்களில் ஒன்றல்ல. இன்னொன்று, அங்கே சுலோகம் “அயம் பந்துரயம் நேதி” என்று தொடங்கும். ‘இவன் உறவு, இவன் இல்லை’ என்று பொருள். நாம் எல்லோரும் சொல்வதோ “அயம் நிஜ: பரோ வேதி”, அதாவது ‘இவன் நம்மவன், இவன் அந்நியன்’. இந்தப் பாட வடிவத்தை எழுதிவிட்டு அடியில் மகா உபநிடதம் என்று போட்டிருந்தால், எழுதியவர் மூலத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

‘அயம் நிஜ:’ என்று தொடங்கும் பாடம் பஞ்சதந்திரத்திலும், அதை ஒட்டி நாராயணர் தொகுத்த ஹிதோபதேசத்திலும் இருக்கிறது. ஹிதோபதேசத்தின் மித்ரலாபம் என்ற பகுதியில் அதைச் சொல்வது ஒரு நரி! கொழுத்த மான் ஒன்றைத் தின்ன ஆசைப்பட்டு நட்பாக வருகிறது. மானின் நண்பனான காகம், “குலமும் குணமும் தெரியாதவனைச் சேர்க்காதே” என்று தடுக்கிறது. அப்போதுதான் நரி கோபத்தோடு இந்தச் சுலோகத்தை எடுத்துவிடுகிறது: நம்மவன், அந்நியன் என்று கணக்குப் பார்ப்பது அற்ப மனம், பரந்த மனத்தவருக்கு உலகமே குடும்பம். மான் நம்பிவிடுகிறது. அப்புறம் வயலில் வலையில் சிக்கியபோது, “வலை நரம்பால் ஆனது, இன்று ஞாயிற்றுக்கிழமை, பல் படக்கூடாது” என்று நரி ஒதுங்கிக்கொள்கிறது. மானைக் காப்பாற்றியது காகத்தின் யோசனை.

இதைப் படித்துவிட்டு, ‘ஆக, இது ஏமாற்றுக்காரன் வசனம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. பஞ்சதந்திரத்தில் சிங்கத்தை உயிர்ப்பித்த நான்கு பிராமணர் கதையில், கல்வி இல்லாத நண்பனுக்கும் சம்பாத்தியத்தில் பங்கு தர வேண்டும் என்று ஒருவன் மனசாரச் சொல்லும்போது இதே சுலோகம் வருகிறது. பல கை மாறிய நன்மொழிச் சுலோகம் அது. நரி வாயில் வந்ததால் அதன் பொருள் கெட்டுவிடாது, உபநிடதத்தில் இருப்பதால் நரி இல்லாமலும் போகாது.

மலரில் “அயம் நிஜ:” பாடத்தைப் போட்டு, அடியில் ‘ஹிதோபதேசம், மித்ரலாபம்’ என்று எழுதுங்கள். இடம் இருந்தால் நரிக் கதையையும் சேர்த்துவிடுங்கள்.