காதால் படிக்கும் பிள்ளைக்குக் குறிப்பு தயாரித்தல்: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: கிருஷ்ணகிரியில் பார்வையற்ற மாணவர்களுக்குக் கணிதமும் அறிவியலும் சொல்லித்தரும் ஆசிரியை

பாலக்கோடு, பத்தாம் வகுப்பு மாணவியின் சித்தி: டீச்சர், தமிழில் டைப் செய்து அனுப்பினேன். கம்ப்யூட்டர் ஏதோ இங்கிலீஷ் எழுத்தாகப் படிக்கிறது என்கிறாள். அவள் கணினியில் கோளாறா?

கணினியில் கோளாறு இல்லைம்மா, எழுத்துருவில்தான். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் "தமிழ்" என்று தெரிவது, உள்ளே `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். உங்கள் கண்ணுக்குத் தமிழ், திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கும் திரைவாசிப்பானுக்கு ஜே, கே, பி, ஓ. கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை நிர்மலா என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் போய் ஆங்கில எழுத்து வந்தால் அது, எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் யூனிகோடு இல்லை.

யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்கலாம். ஆனால் தமிழ்ப் பத்திகளை மட்டும் போடுங்கள். சமன்பாட்டையும் சேர்த்துப் போட்டால் அதிலிருக்கும் a, b எல்லாம் தமிழ் எழுத்தாக மாறி, சமன்பாடே அழிந்துவிடும்.

அரூர், கல்லூரி மாணவர்: என் கையெழுத்து நோட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் நண்பனுக்கு அனுப்புகிறேன். போதுமா?

போதாது. அவனுக்கு "படம்" என்று மட்டும்தான் கேட்கும். டைப் செய்துதான் ஆக வேண்டும். அவசரமென்றால் நீங்களே வாசித்து குரல் செய்தியாக அனுப்புங்கள், போட்டோவுக்கு அது எவ்வளவோ மேல்.

ஊத்தங்கரை, கணித ஆசிரியர்: சமன்பாட்டை எப்படி எழுதுவது? இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரத்தை நான் கரும்பலகையில் சொல்வது போலவே "எக்ஸ் ஈக்வல் டு மைனஸ் பி ப்ளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏசி பை டூ ஏ" என்று எழுதிவிட்டேன். சரிதானே?

பாதி சரி சார். குறிகளைச் சொல்லாக எழுதியது மிகவும் நல்லது. ஆனால் கரும்பலகையில் உங்கள் கை எங்கே ரூட் முடிகிறது, எங்கே கோடு போடுகிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கையை நீங்கள் எழுதவில்லை.

x² − 5x + 6 = 0 எடுத்துக்கொள்ளுங்கள். ஏ 1, பி மைனஸ் 5, சி 6. உங்கள் வரியைக் கேட்பவள் ரூட் பி ஸ்கொயரோடு முடிந்தது என்று நினைத்தால், ரூட் 25 என்பது 5, அதில் 24 போக மைனஸ் 19 என்று போய்விடுவாள். ரூட்டைச் சரியாகப் புரிந்து 1 என்று கண்டுபிடித்தாலும், "பை டூ ஏ" அந்த 1-க்கு மட்டும் என்று நினைத்தால் 5 கூட்டல் அரை, ஐந்தரை. சரியான விடை 3-உம் 2-உம்.

நான் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லி எழுதுகிறேன்:

```
எக்ஸ் சமம்
பின்னம் தொடக்கம்
தொகுதி: மைனஸ் பி, கூட்டல் அல்லது கழித்தல்,
வர்க்கமூலம் தொடக்கம், பி ஸ்கொயர் கழித்தல் 4 ஏ சி, வர்க்கமூலம் முடிவு
பகுதி: 2 ஏ
பின்னம் முடிவு
```

முதல் தடவை நீளமாகத் தோன்றும். பழகிய பிள்ளை வரி வரியாக அம்புக்குறி விசையில் போய், வேண்டிய துண்டை மட்டும் திரும்பக் கேட்பாள். அதற்காகத்தான் ஒரு வரிக்கு ஒரு துண்டு.

அதே ஆசிரியர்: குறியாகவே `-b` என்று போட்டால் படிக்காதா?

அதில்தான் நான் ஒரு முறை நன்றாக அடிபட்டேன். மைனஸ் குறிக்குப் பதில் விசைப்பலகையில் இருக்கும் சின்னக் கோட்டைத் தட்டியிருந்தேன். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வழக்கமான அமைப்பில் அந்தக் கோட்டைச் சொல்லாமல் தாண்டிவிடும். என் மாணவிக்குக் கேட்டது வெறும் "பி". இதே கணக்கில் மைனஸ் 2, மைனஸ் 3 என்று விடை கொண்டுவந்தாள். இரண்டு நாள் அவளுக்குக் கூட்டல் கழித்தல் வரவில்லை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு ஹெட்போனை வாங்கி நானே கேட்டேன். தவறு முழுக்க என் கோப்பில்.

அடுக்கும் அப்படித்தான். வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டும்போது b² என்பது b2 ஆகிவிடும். கண்ணில் பட்டால் திருத்துவோம், காதுக்கு "பி டூ" என்று வந்தால் அது வேறொரு மாறி போலத்தான் இருக்கும்.

ஓசூர், மென்பொருள் வேலை: வேர்டில் சமன்பாட்டுப் பெட்டி இருக்கும்போது இவ்வளவு கஷ்டம் ஏன்?

கணினி இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் சொல்வதே நல்லது. `Alt` உடன் `=` தட்டிப் பெட்டி திறந்து, இதை அடித்துக் கடைசியில் இடைவெளி விசையைத் தட்டுங்கள்:

```
x=(-b±√(b^2-4ac))/(2a)
```

என்விடிஏவில் கணிதத்தைப் படித்துக்காட்டும் மேத்கேட் சேர்த்திருந்தால், சமன்பாட்டின் மேல் நின்று `NVDA+Alt+M` அழுத்தி, தொகுதி, பகுதி என்று உள்ளே இறங்கிக் கேட்கலாம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் போனில்தான் படிக்கிறார்கள், அங்கே இந்தப் பெட்டியை நம்ப முடிவதில்லை. அதனால் பெட்டியும் வைக்கிறேன், அதன் கீழே சொல்வடிவமும் வைக்கிறேன்.

காவேரிப்பட்டணம், அம்மா: என் பையனுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு, பெரிய எழுத்தில் போட்டால் படிப்பான். அதற்கு என்ன அளவு?

இங்கே பேசுவது முழுக்கக் காதால் கேட்பவர்களுக்கான குறிப்புங்க. அவனுக்கு அளவை நான் சொல்வதைவிட, ஒரே பத்தியை 18, 24, 28 என்று மூன்று அளவில் அச்சிட்டு, பத்து நிமிடம் படிக்கவிட்டு, எதில் களைக்காமல் படிக்கிறான் என்று பாருங்கள். சொல்வடிவம் அவனுக்கும் உதவும், கண் சோர்ந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பென்னாகரம், அறிவியல் ஆசிரியை: படத்துக்கு "குவிலென்சில் பிம்பம் தோன்றும் படம்" என்று எழுதியிருக்கிறேன். வேறென்ன வேண்டும்?

நீங்கள் எழுதியது படத்தின் பெயர். அதை வைத்து யாராலும் வரைய முடியாது. நான் எண்களோடு எழுதுவேன், இப்படி:

"கிடைக்கோடு ஒன்று, அதுதான் முதன்மை அச்சு. அதன் நடுவில் செங்குத்தாகக் குவிலென்ஸ். லென்சின் இரு பக்கமும் 10 செ.மீ. தூரத்தில் குவியம், 20 செ.மீ.யில் அதன் இரு மடங்குப் புள்ளி. இடப்பக்கம் 30 செ.மீ.யில் 4 செ.மீ. உயரப் பொருள், அச்சுக்கு மேலே நிற்கிறது. பொருளின் நுனியிலிருந்து இரண்டு கதிர்கள். முதலாவது அச்சுக்கு இணையாக லென்சை அடைந்து, வளைந்து, வலப்பக்கக் குவியம் வழியாகக் கீழே இறங்குகிறது. இரண்டாவது லென்சின் மையம் வழியாக வளையாமல் நேராகப் போகிறது. இரண்டும் வலப்பக்கம் 15 செ.மீ.யில், அச்சுக்கு 2 செ.மீ. கீழே சந்திக்கின்றன. பிம்பம் அங்கே, தலைகீழாக, பாதி உயரத்தில்."

முதலில் அசையாதவை: அச்சு, லென்ஸ், புள்ளிகள், பொருள். அப்புறம் கதிர்கள், ஒவ்வொன்றும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை. கடைசியில் பிம்பம். வரிசை மாறினால் பிள்ளை குழம்பிவிடுவாள். ஒன்று கவனியுங்கள்: பயிற்சிக் கேள்வியில் "பிம்பம் எங்கே தோன்றும்?" என்று கேட்டிருந்தால் கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதவே கூடாது, அதுதான் விடை.

இவ்வளவு நீளத்தை, படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் திணிக்காதீர்கள். அங்கே ஒரு வரி போதும், முழு விவரம் படத்துக்குக் கீழே பத்தியாக இருக்கட்டும். அப்போதுதான் வரி வரியாக நிறுத்திக் கேட்க முடியும்.

தர்மபுரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: விவரிப்பதை விட்டு, அட்டையில் நூல் ஒட்டி விரலால் தடவவிடுங்களேன். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

செய்ய முடிந்தால் செய்யத்தான் வேண்டும் ஐயா. லென்ஸ் பாடத்துக்கு நூல் ஒட்டிய அட்டை ஒன்று என் மேசையிலும் இருக்கிறது. ஆனால் முந்தைய நாள் இரவு பாடத்தைத் திருப்பிப் பார்க்கும்போது அட்டை வீட்டில் இருக்காது, போன் இருக்கும். இரண்டில் எது முதலில் என்பதில் எங்கள் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் அட்டையைக் கையில் கொடுத்துக்கொண்டே இதே விவரத்தை வாசிக்கிறேன்.

பாலக்கோடு சித்தி: அனுப்புவதற்கு முன் சரியா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்குங்கள், திரையைப் பார்க்காமல் ஒரு பக்கம் கேளுங்கள். கேட்டதை மட்டும் வைத்து ஒரு தாளில் சமன்பாட்டை எழுதுங்கள். பிறகு பாடப்புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். முதல் தடவை எனக்கு ஒரு பக்கத்தில் நான்கு தவறு வந்தது.