டிராஃப்டைக் காட்டும்போது கிளையன்ட்டிடம் என்ன பேசுவது?

கேள்வி: டிசைன் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. டிராஃப்டைக் காட்டி, ஏன் இப்படிச் செய்தேன் என்று விளக்கினால் கிளையன்ட் தலையாட்டுகிறார். அப்புறம் "லோகோவைப் பெரிசாக்குங்க, காலி இடத்தை நிரப்புங்க" என்கிறார். டெக்னிக்கல் வார்த்தைகள் இல்லாமல் எப்படி விளக்குவது?

பதில்:

ஒரு கண் மருத்துவமனைக்காக நான் செய்த தாள் ஒன்றை வைத்தே சொல்கிறேன். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் கொடுக்கும் தாள் அது. இரண்டு சொட்டு மருந்துகள். ஒன்றை முதல் வாரம் நாளுக்கு 4 வேளை விட வேண்டும், அடுத்த வாரம் 3, அதற்கடுத்து 2, நான்காம் வாரம் 1 என்று குறைந்துகொண்டே போகும். இன்னொன்று முதல் வாரத்தோடு நின்றுவிடும். இரண்டையும் அடுத்தடுத்து விடக்கூடாது, நடுவில் 5 நிமிட இடைவெளி வேண்டும். அவர்களிடம் இருந்த பழைய தாளில் இவ்வளவும் பொடி எழுத்தில் ஒரே பத்தியாக இருந்தது.

நான் அதை அட்டவணை ஆக்கினேன். வாரத்துக்கு ஒரு வரிசை, வேளைக்கு ஒரு கட்டம், எழுத்து 18 பாயிண்ட். PDF-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடவே ஒரு குறிப்பும் எழுதினேன்: ஹைரார்க்கியைத் தெளிவாக்கியிருக்கிறேன், ஒயிட் ஸ்பேஸ் கூட்டியிருக்கிறேன், கலர் கோடிங் செய்திருக்கிறேன் என்று. நிர்வாகப் பொறுப்பில் இருந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது. "நல்லா இருக்கு தம்பி. கீழ நிறைய காலியா இருக்கே, அங்க நம்ம மத்த பிரிவுகளைப் போட்டுடலாமா? எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா எல்லாம் ஒரே பக்கத்துல வந்துடும். லோகோ மட்டும் இன்னும் பெரிசா இருக்கட்டும்."

உங்களுக்கு நடப்பதேதான். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கண்ணில் பட்டதைத்தான் சொல்லியிருக்கிறார். A4 தாளை உள்ளங்கை அளவுத் திரையில் பார்த்தால் 18 பாயிண்ட் எழுத்தும் பொடியாகத்தான் தெரியும், கட்டங்கள் வெறும் வெற்றிடமாகத்தான் தெரியும். நான் எழுதிய குறிப்பிலும் அவர் பிடித்துக்கொள்ள ஒரு சொல்கூட இல்லை. மிஞ்சியது காலி இடமும் லோகோவும்தான். அதைப் பற்றிப் பேசினார்.

அதனால் அச்சாகப் போகும் வேலை என்றால், அச்செடுத்து நேரில் கொண்டுபோங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது "Fit" என்று இருந்தால் பக்கம் கொஞ்சம் சுருங்கிவிடும், "Actual size" என்று மாற்றிக்கொள்ளுங்கள். நான் புதுத் தாளையும் பழைய தாளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா நிர்வாகத்துக்கு வருமுன் பல வருடம் செவிலியராக இருந்தவர். டிசைன் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, ஆனால் அந்தத் தாளைப் படிக்கப் போகிறவர்களைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரியும். என் முடிவுகளுக்கான காரணங்கள் எல்லாம் அவரிடம்தான் இருந்தன. அதனால் இந்தமுறை விளக்கத்தோடு ஆரம்பிக்காமல் ஒரு கேள்வியோடு ஆரம்பித்தேன்.

"ஆபரேஷன் ஆன முதல் வாரத்துல இந்தத் தாளை எந்தக் கண்ணாடி போட்டுப் படிப்பாங்க மேடம்?"

அவர் சிரித்துவிட்டார். "கண்ணாடி ஏது? கண் ஆறி, பவர் ஒரு நிலைக்கு வர சில வாரம் ஆகும். அதுக்கப்புறம்தான் எழுதிக் கொடுப்போம். பெரும்பாலும் தூரப் பார்வைக்குத்தான் லென்ஸ் வெச்சிருப்போம், அதுவரைக்கும் கிட்ட இருக்கிறது மங்கலாத்தான் இருக்கும்."

"அதனாலதான் எழுத்து இந்த அளவு" என்றேன், அவ்வளவுதான். பழைய தாளை எடுத்து ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். எழுத்தைச் சின்னதாக்கும் பேச்சு அதோடு போயிற்று. லெஜிபிலிட்டி என்ற சொல்லால் முடியாதது, அவருக்கே தெரிந்த ஒரு விஷயத்தை நினைவூட்டியதும் முடிந்தது.

வரிகளுக்கு இடையே இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்டார். தமிழில் இதை வாயால் விளக்குவதைவிடக் காட்டுவது சுலபம். நம் எழுத்துகளில் 'கு', 'மூ' போன்றவை கீழே இறங்கும், 'கி', 'மீ' போன்றவை மேலே ஏறும். பழைய தாளில் மேல் வரி 'கு'வின் கால் கீழ் வரி 'கீ'யின் தலையில் இடித்துக்கொண்டிருந்த ஓர் இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினேன். அப்புறம் அந்தத் தாளின் நகல், அதாவது வார்டில் நகலெடுத்து நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பிரதி. அதில் பல சொற்களில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போயிருந்தது. '3' என்ற எண்ணின் திறந்த பக்கம் அடைபட்டு '8' மாதிரி தெரிந்தது. மருந்து வேளையைச் சொல்லும் தாளில் 3 எது, 8 எது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

இனி அந்தக் காலி இடம். உண்மையில் அது காலி இல்லை, சொட்டு விட்டதும் டிக் போடுவதற்கான கட்டங்கள். "காலையில் விட்டேனா இல்லையா என்று வயசானவர்களுக்கு மறந்துபோகாதா?" என்று கேட்டேன். அவர் பேனாவை வாங்கி ஒரு கட்டத்தில் டிக் போட்டுப் பார்த்துவிட்டு, "கை நடுங்கும், கட்டம் இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்" என்றார். நிரப்பச் சொன்னவரே இன்னும் இடம் கேட்கிறார்! இதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

லோகோ விஷயத்தில் நான் மறுத்துப் பேசவில்லை, எதற்காகப் பெரிதாக வேண்டும் என்று கேட்டேன். ராத்திரியில் கண் சிவந்து வலித்தால் எங்கே கூப்பிடுவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள், நம் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார். நியாயமான கவலை. ஆனால் அதைத் தீர்ப்பது அவசரத் தொலைபேசி எண். அதைத் தாளின் அடியில் தடித்த எழுத்தில், அகலம் முழுக்க வைப்பதாகச் சொன்னேன். லோகோ இருந்த அளவிலேயே இருந்துவிட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'கலர் கோடிங்' என்று எழுதி அனுப்பியிருந்தேனே, அதை இந்தமுறை சாதாரணமாகச் சொன்னேன். "பாட்டில் மூடி என்ன நிறமோ, அதே நிறத்துல அந்த மருந்தோட வரிசையைப் போட்டிருக்கேன். நிறத்தைப் பார்த்தே எடுத்துக்கலாம்." அவர் உடனே தலையை அசைத்து மறுத்தார். "அது சரிப்படாது தம்பி. ஸ்டாக்ல எந்தக் கம்பெனி இருக்கோ அதைத்தான் கொடுப்போம். மருந்து ஒண்ணுதான், மூடி நிறம் மாறிட்டே இருக்கும்."

வாட்ஸ்அப் குறிப்பில் இதே விஷயத்துக்கு அவர் "நல்லா இருக்கு" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் அவருக்குப் புரியாததால் மறுக்க வழியில்லை. அப்படியே அச்சுக்குப் போயிருந்தால், தாளில் பச்சை என்று பார்த்து வேறு பாட்டிலை எடுத்து விட்டிருப்பார்கள். டெக்னிக்கல் சொற்களைத் தவிர்ப்பது கிளையன்ட்டுக்குச் செய்யும் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது நம் பாதுகாப்பு. நம் தப்பைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் பெரும்பாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான். அவருக்குப் புரியாத மொழியில் பேசினால் அந்த வாசலை நாமே சாத்திவிடுகிறோம்.

சரி, எப்படிப் பேசுவது என்று கேட்டால், நான் போகுமுன் செய்வது ஒன்றுதான். டிராஃப்டில் எடுத்த ஒவ்வொரு முடிவையும் 'படிக்கிறவர் கை, கண், நேரம் இவற்றில் எதற்கு என்ன ஆகும்' என்று ஒரு வாக்கியமாக எழுதிப் பார்ப்பேன். 'கான்ட்ராஸ்ட் கூட்டினேன்' என்பது 'மங்கலான வெளிச்சத்திலும் எழுத்து தாளிலிருந்து பிரிந்து தெரியும்' என்று ஆகும். 'மேட் ஃபினிஷ்' என்பதற்கு வாக்கியமே வேண்டாம். பளபளப்பான தாள் ஒன்றையும் மினுக்கம் இல்லாத தாள் ஒன்றையும் டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்தால் போதும், ஒன்றில் விளக்கின் வெள்ளைக் கோடு எழுத்தை மறைக்கும், இன்னொன்றில் மறைக்காது. அந்த வாக்கியத்தை எழுத முடியாத முடிவு ஏதாவது இருந்தால், அதற்குக் காரணம் இல்லை என்று அர்த்தம். தலைப்புக்கு நான் எடுத்த எழுத்துரு அப்படித்தான். "இது எனக்குப் பிடிச்சுப் போட்டது, மாத்தினாலும் பாதகமில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் வேறொன்றைக் கேட்டார், மாற்றினேன். ஒன்றிரண்டை இப்படி விட்டுக்கொடுத்தால், விடக்கூடாது என்று நாம் சொல்வதற்குக் கனம் கூடும். ஆனால் விட்டுக்கொடுப்பதற்கென்றே வேண்டுமென்று ஒரு குறையை வைத்துக் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது எனக்குப் பிடிக்காது. பிடிபட்டால் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும்.

கடைசியில் "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவரை ரசிகர் இடத்தில் உட்கார வைத்துவிடும், நிறத்தையும் லோகோவையும் பற்றித்தான் பதில் வரும். நான் வெளியே உட்கார்ந்திருந்த உதவியாளர் ஒருவரைக் கூப்பிடச் சொல்லி, தாளைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு மூணாவது வாரம், ரெண்டாவது நாள். எத்தனை வேளை மருந்து?" என்று கேட்டேன். விரலை மூன்றாவது வரிசையில் வைத்து "ரெண்டு" என்றார். அப்புறம் "ரெண்டு சொட்டையும் சேர்த்தே விடலாமா?" என்றேன். தாள் முழுக்கத் தேடினார், கிடைக்கவில்லை. 5 நிமிட இடைவெளியை நான் அட்டவணைக்கு வெளியே, கீழே ஒரு குறிப்பாகப் போட்டிருந்தேன். அந்த அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, இரண்டு மருந்தின் வரிசைகளுக்கும் நடுவில் அதைக் கொண்டுவருவது என்று அங்கேயே முடிவாயிற்று.

அன்று இரவே பேசி முடித்ததை நான்கு வரியில் அவருக்கு அனுப்பினேன். எழுத்து அளவு அப்படியே. டிக் கட்டம் பெரிதாகும். 5 நிமிடக் குறிப்பு நடுவில் வரும். வரிசைகளுக்கு நிறம் இல்லை, 1, 2 என்று பெரிய எண் மட்டும். மருந்து கொடுக்கும்போது அதே எண் ஒட்டிய ஸ்டிக்கரைச் செவிலியர் பாட்டிலில் ஒட்டுவார், இந்தக் கடைசி யோசனை அவருடையது.